பொருள்: 'அளத்து வெயில்' நூலின் பதிப்பு உரிமையைத் திரும்ப ஒப்படைக்கக் கோருதல்

தூத்துக்குடி,
6 ஆகஸ்ட் 2024

பதிவு அஞ்சல், ஒப்புகை அட்டையுடன்
(நகல் மின்னஞ்சலிலும் அனுப்பப்படுகிறது)

மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு,

வணக்கம். மே மாதம் தொலைபேசியில் பேசியதை எழுத்தில் வைத்துவிடுவதுதான் இருவருக்கும் நல்லது என்று தோன்றுவதால் இந்தக் கடிதம்.

'அளத்து வெயில்' நூலுக்காக நாம் 14 ஜூன் 2017 அன்று கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கானது. 13 ஜூன் 2022 அன்று அது முடிந்துவிட்டது. நீட்டிப்பதாக இருந்தால் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி எதிலும் நான் கையெழுத்திடவில்லை. இருப்புப் பிரதிகளை விற்றுத் தீர்க்க 11ஆம் பிரிவு கொடுத்த ஆறு மாதமும் 2022 டிசம்பரிலேயே கழிந்துவிட்டது. ஆகவே நூலைப் பதிப்பிக்கும் உரிமை என்னிடம் திரும்பிவிட்டது என்பதை உறுதி செய்து, தங்கள் பதிப்பகத்தின் தாளில் கையெழுத்தும் முத்திரையும் இட்டு ஒரு கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

"நம்மிடம் கொடுத்த புத்தகம் டீச்சர், காலமெல்லாம் நம்மோடுதானே இருக்கும்" என்றீர்கள். பாசத்தில் சொன்னது என்று தெரியும். ஆனால் நூலின் உரிமைப் பக்கத்தில் 'உரிமை: ஆசிரியருக்கு' என்று அச்சடித்திருப்பது நீங்கள்தான். ஒப்பந்தத்திலும் பதிப்பிக்கும் உரிமம் மட்டுமே தரப்பட்டிருக்கிறது. காலமே குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால்கூட, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவில் அதை ஐந்து ஆண்டு என்றுதான் கொள்கிறது. 30ஏ பிரிவு அதையே உரிமங்களுக்கும் பொருத்துகிறது. நம் ஒப்பந்தத்தில் காலம் தெளிவாகவே இருப்பதால் சட்டத்தைப் புரட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

இனி, எழுதத் தயங்கிய விஷயம். இந்த ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போன என் அண்ணன் மகள் ஒரு பிரதி வாங்கி வந்தாள். 'இரண்டாம் பதிப்பு: டிசம்பர் 2023' என்று இருக்கிறது. விலை 180 ரூபாயிலிருந்து 240 ஆகியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சான பதிப்பு அது. கேட்டிருந்தால் முதல் பதிப்பில் நான் குறித்து வைத்திருந்த பிழைகளையாவது திருத்தியிருப்போம். 43ஆம் பக்கத்தில் 'வாருபலகை' இன்னும் 'வாருபலகாரம்' என்றே இருக்கிறது. உப்பளத்துக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பதிப்பை வைத்து வழக்காட எனக்கு விருப்பமில்லை. மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதியை ஒரே வாரத்தில் படித்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு "போடுகிறோம்" என்றவர் நீங்கள். அது எனக்கு மறக்காது. ஆனால் கணக்கு கணக்காக இருக்க வேண்டும்.

2020 மார்ச் வரை 612 பிரதிகள் விற்றதாகக் கணக்கு அனுப்பி, பத்து சதவீத ராயல்டியாக 11,016 ரூபாய் தந்தீர்கள். அதன் பிறகு கணக்கே வரவில்லை. முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள். எனக்குக் கொடுத்த இருபதும் போக அன்று கையிருப்பு 368. அவை தீர்ந்ததால்தானே இரண்டாம் பதிப்பு வந்திருக்கும்? அப்படியானால் அவற்றுக்கு மட்டும் 6,624 ரூபாய் எனக்கு வர வேண்டும். நூலக ஆணையில் பிரதிகள் போயிருந்தால் அந்த விவரம் தனியாக வேண்டும். இரண்டாம் பதிப்பில் எத்தனை அச்சடித்தீர்கள், எத்தனை விற்றன, எத்தனை மீதம் என்பதையும் தெரிவியுங்கள்.

மீதப் பிரதிகளை அரைத்துக் கூழாக்கச் சொல்ல மாட்டேன். 31 அக்டோபர் 2024 வரை விற்றுக்கொள்ளுங்கள். பிரதிக்கு 24 ரூபாய் வீதம் ராயல்டி கணக்கில் சேர்ந்தால் போதும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதைப் பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் இருந்த ஆசிரியர் பிரதிகள் போன டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது ஊறிப் போய்விட்டன. இப்போது கல்லூரி மாணவர் யாராவது கேட்டு வந்தால் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை.

மின்நூலைப் பொறுத்தவரை இந்த அவகாசம் கிடையாது. ஒப்பந்தம் 'அச்சு நூலாக வெளியிட' என்று மட்டுமே சொல்கிறது. மின்நூல் உரிமையை நான் தந்ததே இல்லை. ஆனாலும் அது இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. ஏப்ரலில் நானே பணம் கட்டி ஒன்று வாங்கிப் பார்த்தேன். இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அதை நீக்கி, இதுவரை அதில் வந்த வருவாய் விவரத்தையும் தர வேண்டும்.

நூலில் இடம்பெற்ற பதினான்கு புகைப்படங்களின் மூலப் பிரதிகள் தங்களிடம் இருக்கின்றன. என் மறைந்த தம்பி எடுத்தவை. வேறு எது தாமதமானாலும் அவற்றைப் பத்திரமாக அட்டை வைத்துக் கட்டி அனுப்பிவிடுங்கள். அஞ்சல் செலவு என்னுடையது. பக்க வடிவமைப்புக் கோப்பும் அட்டை ஓவியமும் தங்கள் செலவில் ஆனவை, அவற்றை நான் கேட்கவில்லை. புதிய பதிப்பு புதிய வடிவமைப்பு, புதிய அட்டை, புதிய ஐ.எஸ்.பி.என். எண்ணோடுதான் வரும்.

ஆம், வேறொரு பதிப்பகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறேன். மறைத்துச் செய்ய விரும்பாததால் சொல்கிறேன். மழைக்காலத்தில் அளத்தில் வேலை நின்றுபோகும் மாதங்களைப் பற்றி இரண்டு புதிய அத்தியாயங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றையும் சேர்த்து வரும் ஜனவரிக் காட்சிக்குக் கொண்டுவர நினைக்கிறார்கள். உரிமை என்னிடம் இருப்பதற்குத் தங்கள் கடிதத்தை அவர்கள் கேட்பதும் நியாயம்தான். நாளை இரண்டு பதிப்பாளர்கள் ஒரே நூலை வைத்து மோதக் கூடாதல்லவா?

எனவே உறுதிக் கடிதம், கணக்கு, பாக்கித் தொகை, புகைப்படங்கள் ஆகியவற்றை 6 செப்டம்பர் 2024க்குள் எதிர்பார்க்கிறேன். அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால், ஒப்பந்தம் முடிந்தது என்ற அடிப்படையிலேயே புதிய பதிப்புக்குக் கையெழுத்திடுவேன். கணக்கு குறித்து வழக்கறிஞர் மூலமாக எழுத வேண்டியிருக்கும். அந்த நிலை வராது என்று நம்புகிறேன். ஒப்பந்தத்தில் நான் கவனிக்காத பிரிவு எதையேனும் சுட்டிக்காட்ட விரும்பினால் எழுத்தில் தெரிவியுங்கள், திறந்த மனதோடு படிப்பேன்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாருங்கள் அண்ணாச்சி. மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
புஷ்பம்
('அளத்து வெயில்' நூலாசிரியர்)

இணைப்பு: 14 ஜூன் 2017 ஒப்பந்தத்தின் நகல், 2020 மார்ச் ராயல்டி கணக்கின் நகல், இரண்டாம் பதிப்பின் உரிமைப் பக்க நகல், மின்நூல் வாங்கிய ரசீது.