கவினின் மதிப்பீட்டு அறிக்கை: பெற்றோருக்கு ஒரு விளக்கக் கடிதம்

கவினின் அப்பா, அம்மாவுக்கு,

வணக்கம். இத்துடன் இருக்கும் அறிக்கை பள்ளிக்கும் மருத்துவருக்கும் புரியும் நடையில் எழுதப்பட்டது. அதில் உங்களுக்குத் தேவையானதை இங்கே பேச்சு நடையில் சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் மொத்த நுண்ணறிவு எண் 100 என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "சராசரிதானே, அப்புறம் ஏன் மார்க் வரல?" என்று கேட்கத் தோன்றும். கவினைப் பொறுத்தவரை அந்த 100 அதிகம் சொல்லாது. இரண்டு உயர்ந்த எண்களையும் இரண்டு தாழ்ந்த எண்களையும் சேர்த்துப் போட்டதால் வந்தது அது. மூன்றாம் பக்கத்து அட்டவணையைப் பாருங்கள்.

வெக்ஸ்லர் என்ற நுண்ணறிவுத் தேர்வில் சொல்லறிவும் புரிதலும் 112. பார்த்துச் சிந்திக்கும் திறன் 110. காதில் விழுந்ததை மனதில் பிடித்துவைத்து வேலை செய்யும் திறன் 83. பார்த்துச் செய்யும் சிறு வேலைகளை முடிக்கும் வேகம் 85. ஒவ்வொன்றிலும் அந்த வயதுப் பிள்ளைகளின் சராசரி 100. 85 முதல் 115 வரைக்குள் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் வருவார்கள். பக்கத்தில் 79, 75, 13, 16 என்று இருப்பவை சதமான எண்கள். 13 என்றால் நூற்றுக்குப் பதின்மூன்று மார்க் என்று நினைக்க வேண்டாம். அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை நிறுத்தினால் அவர்களில் சுமார் 13 பேர் இவன் அளவோ அதற்குக் கீழோ இருப்பார்கள் என்றுதான் அர்த்தம். எந்த எண்ணும் கல்லில் வெட்டியதில்லை. வேறொரு நாளில் நாலைந்து புள்ளி ஏறலாம், இறங்கலாம். ஆனால் 112-க்கும் 83-க்கும் இடையில் உள்ள வித்தியாசம் அப்படி ஒரு நாள் களைப்பில் வருவதல்ல.

வாசிப்பில்தான் விஷயம் இருக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளையான அவனுடைய வாசிப்பு, தமிழிலும் ஆங்கிலத்திலும், இரண்டாம் வகுப்பின் தொடக்க நிலையில் நிற்கிறது. 'பள்ளம்' என்பதைப் 'பள்ளி' என்று படித்தான். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். 'தோட்டம்' எழுதச் சொன்னால் 'தெட்டம்' வருகிறது. அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நான் வாசித்துக் காட்டினேன். கேட்ட எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னதோடு, "அந்த ஆள் ஏன் திரும்பிப் போகல?" என்று என்னையே கேட்டான். கணக்கிலும் இதே கதை. கூட்டல், கழித்தல் வகுப்பு நிலையில் இருக்கிறது. வாக்கியக் கணக்கை அவனே படித்தால் தவறுகிறது. படித்துச் சொன்னால் போடுகிறான்.

பார்வை, காது சோதனைகள் சரியாக இருக்கின்றன. வகுப்பாசிரியர் நிரப்பித் தந்த படிவத்திலும் கவனக்குறைவுக் கோளாறுக்கான அறிகுறி இல்லை. இவை அனைத்தையும் வைத்து நான் வந்திருக்கும் முடிவு: குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, வாசிப்பிலும் எழுத்துக்கூட்டிலும். டிஸ்லெக்சியா என்று நீங்கள் கேள்விப்பட்டது இதுதான். சோம்பேறித்தனமோ செல்போனோ நீங்கள் வளர்த்த விதமோ இதற்குக் காரணம் இல்லை.

"வளர்ந்தா சரியாயிடுமா?" என்று அப்பா கேட்டீர்கள். முழுவதும் மறைந்துபோகும் என்று சொல்ல மாட்டேன். முறையான பயிற்சியில் வாசிப்பு நன்றாகவே முன்னேறும்; வேகம் மட்டும் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். இதற்கு மாத்திரையோ டானிக்கோ கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரம், சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் பயிற்சி வேண்டும். எழுத்தையும் ஒலியையும் இணைத்து, சொல்லி, தொட்டு, எழுதிப் பழகும் முறை அது. டியூஷன் நேரத்தைக் கூட்டுவது இதற்கு ஈடாகாது. இப்போதிருக்கும் இரண்டு மணி நேர டியூஷனைக் குறைத்தாலே நல்லது. வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் நீங்கள் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். சொல்லறிவில் வந்த அந்த 112 வளர்வது அங்கேதான். தப்பாக எழுதிய சொல்லை ஐம்பது முறை எழுதவைக்கும் இம்போசிஷன் வேண்டாம். ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அக்காவோடு ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், அம்மா.

பள்ளிக்குத் தனிக் கடிதம் வைத்திருக்கிறேன்: வகுப்பில் திடீரென எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டாம், கரும்பலகையில் உள்ளதை அச்சிட்டுத் தரலாம், முடிந்த பாடங்களில் வாய்மொழியாகத் தேர்வு வைக்கலாம், மொழிப் பாடம் தவிர மற்றவற்றில் எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க வேண்டாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் உண்டு. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கினால், சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்வதை எழுத ஒருவரையும் வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காதீர்கள். கவினுக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் இப்போதே விண்ணப்பிக்கலாம். 'முத்திரை குத்திவிடுவார்களோ' என்ற அம்மாவின் பயம் புரிகிறது. சான்றிதழை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் கையில்தான்.

கவினிடம் நீங்களே பேசுங்கள். "உனக்கு யோசிக்க நல்லா வருது, படிக்கிறது மட்டும் கஷ்டமா இருக்கு, அதுக்கு ஒரு டீச்சர் வர்றாங்க" என்றால் போதும்.

ஆறு மாதம் கழித்து வாசிப்பை மட்டும் மறுபடி பார்ப்போம்; நுண்ணறிவுத் தேர்வு இப்போதைக்குத் தேவையில்லை. அடுத்த சனிக்கிழமை காலை 11 மணிக்கு இருவரும் வாருங்கள். இந்த ஆண்டின் தமிழ், ஆங்கில நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். திருத்தி எழுதாமல், இருக்கிறபடியே.

அன்புடன்,
கவினை மதிப்பீடு செய்த உளவியலாளர்