உலர் மட்டிப்பழத்துக்கு ஐந்து பெயர்கள்: என் மதிப்பீடு

அன்புள்ள அக்காமாருக்கு,

நாம் விற்கப்போகும் உலர் மட்டி வாழைப்பழத்துக்கு நீங்கள் தந்த ஐந்து பெயர்களையும் இரண்டு வாரமாகப் பலரிடம் வாசிக்கக் கொடுத்தேன். என்ன பொருள் என்று சொல்லாமல், உறையில் வரப்போவதுபோல ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதிக் காட்டினேன். மார்த்தாண்டத்தில் கட்டட வேலை செய்யும் பீகார்காரர் மூவர், நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் ஒருவர், பெங்களூரில் ஒரு கன்னடத் தோழி, சென்னையில் என் சித்தி மகள், துபாயில் என் அத்தான். நாம் விற்கப்போவது இவர்களைப் போன்றவர்களுக்குத்தானே.

முதலில் Nanjil. கூட்டத்தில் அதிகம் பேர் கை தூக்கிய பெயர் என்பதால் இதைத்தான் அதிக நேரம் யோசித்தேன். நாஞ்சில் என்றால் கலப்பை. நம் மண்ணின் பெயர். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆங்கில எழுத்தில் அந்த நெடில் காணாமல் போகிறது. சித்தி மகள் எடுத்தவுடன் "நஞ்சில்" என்று வாசித்துவிட்டு, "இது சாப்பிடுற சாமானா?" என்று கேட்டாள். மலையாளத்திலும் நஞ்சு என்றால் விஷம்தான். Naanjil என்று இன்னொரு a சேர்த்துப் பார்த்தேன். பாதிப் பேர் சரியாக வாசித்தார்கள், பாதிப் பேர் தடுமாறினார்கள். விதை, உரம், கைத்தறி என்றால் தயங்காமல் வைக்கலாம். வாயில் போடுகிற பண்டத்துக்கு வேண்டாம்.

Kumari Kani தமிழில் அழகு. மலையாளிகளுக்கும் கணி என்றதும் விஷு நினைவுக்கு வரும், நல்ல சகுனம். இந்தியில்தான் சிக்கல். அங்கே குமாரி என்பது மணமாகாத பெண்ணின் பெயருக்கு முன்னால் வருவது. கானி என்றால் ஒரு கண் இல்லாதவள். சீட்டைப் பார்த்த மூவரில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அதோடு, பேச்சிப்பாறைப் பக்கத்து மலைகளில் வாழும் காணி மக்களின் பெயரும் ஆங்கிலத்தில் Kani என்றுதான் எழுதப்படுகிறது. அவர்களைக் கேட்காமல் அந்தச் சொல்லை உறையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

Thithi என்று எழுதினால் தித்தி என்று யாரும் வாசிப்பதில்லை. திதி என்றே வாசிக்கிறார்கள். நம்மிடம் திதி கொடுப்பது எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. கன்னடத்திலும் அது இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. இதை இப்போதே விட்டுவிடலாம்.

அடுத்து Matti. மட்டி என்றால் வாழை என்பது நமக்குத் தெரியும். மாவட்டத்துக்கு வெளியே அது மந்தபுத்திக்காரனையும் குறிக்கும், கடற்கரையில் சிப்பியையும் குறிக்கும். மலையாளி மத்தி மீன் என்று வாசிக்கலாம், கடைக்காரர் அப்படித்தான் வாசித்தார். இந்திக்காரருக்கு அது மண். மேலும், கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் இந்த மாவட்டத்து விவசாயிகள் எல்லாருக்கும் பொது. நாம் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது, கூடாது. ஆனால் உறையின் இரண்டாவது வரியில் "கன்னியாகுமரி மட்டி" என்று பழத்தின் வகையாக அது கட்டாயம் வர வேண்டும். அதற்குப் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக விண்ணப்பித்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் Thinnai. கூட்டத்தில் இதற்கு இரண்டே வாக்கு. நான் இதைத்தான் பரிந்துரைக்கிறேன். நம் வீட்டுத் திண்ணை மலையாளத்தில் திண்ண, எல்லாருக்கும் புரிகிறது. இன்னொரு வரவும் இருக்கிறது: காதில் விழும்போது "தின்ன" என்பதை ஒட்டி ஒலிக்கிறது. மலையாளத்திலும் கன்னடத்திலும் உண்பதற்கு இதே வேர்ச்சொல்தான். பீகார்காரர்கள் மூவரும் "தின்னாய்" என்றார்கள். தமிழ் ண வரவில்லை, ஆனால் கெட்ட அர்த்தம் எதுவும் தோன்றவில்லை.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒரு n விட்டுப்போனால் அது தினை ஆகிவிடும், சிறுதானியம் தேடுகிறவர்கள் வந்து ஏமாறுவார்கள். அதனால் எல்லா இடத்திலும் இரண்டு n. மற்றது, வளைகுடாவுக்கு அனுப்பும்போது உறையில் அரபியும் வேண்டும். அரபியில் "தீன்" என்றால் அத்திப்பழம். அழுத்தமான த எழுத்தைப் போட்டால் அதுவே சேறு. நம்முடையதும் உலர் பழம் என்பதால் அத்தி என்று நினைத்து வாங்கிவிடக்கூடும். முதல் உயிரைக் குறிலாகவும் ன-வை இரட்டித்தும் எழுதச் சொல்லுங்கள். அத்தானோடு தங்கியிருக்கும் எகிப்துக்காரர் வாசித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உலர் பழங்கள் வணிகக்குறியில் 29ஆம் வகுப்பில் வருகின்றன. Thinnai, Tinnai, திண்ணை மூன்றையும் அந்த வகுப்பில் தேடிப் பார்த்து, யாரும் எடுக்கவில்லை என்று தெரிந்த பிறகே உறை அச்சுக்குக் கொடுங்கள். எடுத்திருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், மீதி நான்கில் ஒன்றுக்குத் திரும்ப வேண்டாம். புதிதாக உட்கார்ந்து யோசிக்கலாம்.