கீழாநெல்லி பற்றி நான் எழுதியது தவறு

போன ஆடி மாதம், “மஞ்சள் காமாலையை ஏழே நாளில் விரட்டும் கீழாநெல்லி” என்று எழுதியிருந்தேன். ஹெபடைடிஸ் பி கிருமியையும் அது அடியோடு அழித்துவிடும் என்று அதில் சேர்த்திருந்தேன். இரண்டுமே தவறு. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மன்னிப்பும் கேட்கிறேன்.

திருவாரூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய தம்பிக்கு ஹெபடைடிஸ் பி. மூன்று வருடமாக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டு வந்தவர், என் பதிவைப் படித்துவிட்டு அதை நிறுத்தியிருக்கிறார். வரப்பில் பறித்த கீழாநெல்லியை அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, தினமும் வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார். மூன்றாம் மாதம் கண் மஞ்சளித்து, சோறு இறங்காமல், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. இப்போது தேறி வருகிறார். “நீங்க எழுதினதை நம்பித்தான் அக்கா நிறுத்தினான்” என்ற வரியைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்த மாத்திரை கிருமியை அடக்கி வைக்கிறது. திடீரென்று நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகி ஈரலைத் தாக்கும். இதை நான் சொல்லவே இல்லை.

ஒன்பது வயதில் எனக்குக் காமாலை வந்தபோது பாட்டி கொடுத்தது கீழாநெல்லி மோர்தான். சில வாரத்தில் கண் வெளுத்தது. அந்த அனுபவத்தையே சான்றாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்த மருந்தும் இல்லாமலே சரியாகிவிடும்.

அடுத்தது, அந்தப் பதிவில் நான் சான்றாகக் காட்டிய ஆய்வு. 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சென்னை ஆய்வு அது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கும் அதில் பங்கேற்றவர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டேன். மேற்கொண்டு தேடியிருக்க வேண்டும்.

என் பதிவைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இன்றே உங்கள் டாக்டரைப் பாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. பித்தக்கல் அடைத்தாலும் காமாலை வரும், அதைக் கீரை கரைக்காது. கர்ப்பிணிகள் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். பிறந்த குழந்தை மஞ்சளாக இருந்தால் சாறு எதுவும் புகட்டாதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

பழைய பதிவின் தலைப்புக்கு மேலேயே இந்தத் திருத்தத்தை வைத்திருக்கிறேன். அதை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தீர்கள் என்றால், தயவுசெய்து இதையும் அவர்களுக்கே அனுப்புங்கள்.