பைக் விபத்து, ஆண், சுமார் 34 வயது: முதல்கட்டப் பரிசோதனைக் குறிப்பு

மேடம், கேஷுவால்ட்டியில் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்திலும் கிளவுஸ் கவரிலும் கிறுக்கி வைத்திருந்ததை ஒழுங்காக எழுதி தியேட்டருக்கு அனுப்புகிறேன். எழுதியிருந்தது மட்டும்தான் இதில் இருக்கிறது. பார்த்ததாக எங்கும் எழுதாத எதையும் நார்மல் என்று போடவில்லை.

பைக்கில் வந்தவர் மீது வேன் மோதியிருக்கிறது, ஹெல்மெட் இல்லை. 108 ஊழியர்கள் சொன்னபடி விபத்து 21:05க்கு, இங்கே வந்தது 21:38க்கு.

ஏ – காற்றுப்பாதை, கழுத்து

பேசுகிறார், பெயர் சொல்கிறார். வாயில் ரத்தம், முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது, தாடை உறுதியாக இருக்கிறது, மூச்சிழுக்கும்போது கரகரப்பு இல்லை.
செய்தது: 21:39க்கு சக்‌ஷன், கழுத்துக்கு காலர். இன்ட்யூபேட் செய்யவில்லை, பேசிக்கொண்டிருந்தார், பிபி 80 இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும். 19:30க்குச் சாப்பிட்டதாக அண்ணன் சொல்கிறார், அனஸ்தீஷியாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

பி – மூச்சு

நிமிடத்துக்கு 34 மூச்சு, ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 86. இடது பக்கம் காற்று போகும் சத்தம் அநேகமாக இல்லை, தட்டினால் டம்மென்று கேட்டது, மூச்சுக்குழாய் வலப்பக்கம் தள்ளியிருந்தது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை, ரத்தம் போயிருப்பதால் அது புடைக்காமலே இருக்கலாம் என்பதால் அதற்காகவோ எக்ஸ்ரேக்காகவோ காத்திருக்காமல் டென்ஷன் நியூமோதொராக்ஸ் என்றே எடுத்துக்கொண்டோம்.
செய்தது: நான்-ரீபிரீதர் மாஸ்க், 15 லிட்டர். 21:42க்கு இடது ஐந்தாவது விலா இடைவெளியில் விரல் விட்டுத் திறந்ததும் காற்று சீறி வெளியே வந்தது, 21:50க்கு அதே இடத்தில் 28 சைஸ் ஐசிடி. முதலில் 300 மில்லி ரத்தமும் காற்றும், 22:10 வரை கூடுதலாக 50 மில்லி.
பிறகு: மூச்சு 24, சாச்சுரேஷன் 95. போர்ட்டபிள் எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருக்கிறது.
கிறுக்கலில் பக்கம் இடதா வலதா என்று தெளிவாக இல்லை. நேரில் போய் டியூப் இருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டே இடது என்று எழுதினேன்.

சி – ரத்த ஓட்டம்

வந்தபோது பிபி 80/50, நாடி 132, கைகால் சில்லென்று, வியர்வை. வெளியே பீய்ச்சும் ரத்தக்கசிவு இல்லை. நெஞ்சைத் திறந்த பிறகும் பிபி 84/50தான், அதனால் நெஞ்சு மட்டுமே காரணம் என்று விட முடியவில்லை. ஃபாஸ்ட் ஸ்கேனில் கல்லீரலுக்கும் வலது கிட்னிக்கும் நடுவே திரவம், இதயத்தைச் சுற்றி இல்லை. இடுப்பில் வலி என்றார், ஆட்டிப் பார்க்கவில்லை.
செய்தது: இரண்டு கையிலும் 16 கேஜ் வென்ஃப்ளான் (21:44), குரூப்பிங், கிராஸ்மேட்ச் சாம்பிள் போய்விட்டது. தொடை எலும்பின் மேல்முனை மட்டத்தில் பெல்விக் பைண்டர் (21:47). ஆர்எல் 500 மில்லி மட்டும். டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் பத்து நிமிடத்தில் (21:52). ஓ பாசிட்டிவ் ரத்தம் முதல் யூனிட் 21:58, இரண்டாவது 22:08, இப்போது ஓடுகிறது. கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி (22:06).
பிறகு: 22:10க்கு பிபி 94/60, நாடி 118. சீட்டில் மூன்று பிபியும் நேரம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, மானிட்டரில் பார்த்து எழுதிய சிஸ்டரிடம் கேட்டு வரிசைப்படுத்தினேன். தலையிலும் அடி இருப்பதால் 90 போதும் என்று நிறுத்த வேண்டாம், 110ஐ நோக்கிப் போகலாம்.

டி – நினைவு, நரம்பு

வந்தபோது ஜிசிஎஸ் 13 (கண் 3, பேச்சு 4, அசைவு 6), 22:10க்கு 14, கண்ணைத் தானாகத் திறக்கிறார், பேச்சில் குழப்பம் அப்படியே. கண்மணி இரண்டும் 3 மி.மீ., வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றன. இடது காலை வலியால் தூக்கவில்லை, விரல்களை அசைக்கிறார், மற்ற மூன்றும் சரி. சர்க்கரை 142. தலை சிடி எடுக்கவில்லை, வயிறுதான் முதலில்.

ஈ – உடல் முழுவதும்

துணியை வெட்டி எடுத்தோம். இடது தொடை வளைந்து வீங்கியிருக்கிறது, தோல் கிழியவில்லை, பாதத்தில் நாடி கிடைக்கிறது. இடது நெற்றியில் 4 செ.மீ. வெட்டு, தோளில் சிராய்ப்பு. லாக் ரோல் செய்ததில் முதுகில் காயம் இல்லை. வெப்பம் 35.4.
செய்தது: தாமஸ் ஸ்பிளிண்ட், போட்ட பிறகும் பாத நாடி உண்டு. நெற்றியில் பிரஷர் டிரெஸ்ஸிங். கம்பளி, ஃபேன் நிறுத்தம், ரத்தம் வார்மர் வழியாக.

குறிப்பில் இல்லாதவை

பெரினியம், ஆசனவாய்ப் பரிசோதனை, இடுப்பு எக்ஸ்ரே, டெட்டனஸ் ஊசி. மூத்திர கதீட்டர் போடவில்லை, இடுப்பு உடைந்திருக்கலாம், முதலில் மூத்திரத் துவாரத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். டிரானெக்ஸாமிக் அடுத்த 1 கிராம், 8 மணி நேரத்தில் ஓட வேண்டியது, இன்னும் தொடங்கவில்லை. பழைய கிறுக்கல்கள் இரண்டையும் தூக்கிப் போடாமல் கேஸ் ஷீட்டில் பின் செய்திருக்கிறேன்.