பாயில் இருக்கிற பதினாறு தடம்

எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டியில் இருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்த மச்சானுக்கும் மதினிக்கும், சம்பந்தகாரங்களுக்கும், தெருவில் இருந்து வந்திருக்கிற அண்ணாச்சிமாருக்கும், ஆச்சிமாருக்கும் ரொம்ப சந்தோஷம். பாயசம் ஊற்றிக்கொண்டு இருக்கிறார்கள். டம்ளர் கைக்கு வந்ததும் யாரும் உடனே குடித்துவிட வேண்டாம். அதற்குள் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியது இருக்கிறது.

1989 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. பின்னால் சுவரில் தொங்குகிற பாய் அந்தக் கல்யாணத்துக்கு என் தாய்மாமா சொல்லிவைத்து நெய்த பத்தமடைப் பாய். ஒரு ஓரத்தில் கோமதி பேர், மறு ஓரத்தில் என் பேர், நடுவில் தேதி. கோரையை நம்ம தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, நாராகக் கிழித்து, நூல் பாவில் நெய்வார்கள். பட்டுப்பாய் என்று சும்மா சொல்லவில்லை. வேட்டியை மடிப்பது போல மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

போன வாரம் மகன் அதைப் பரணில் இருந்து எடுத்து விரித்தான். அங்கங்கே கோரை நசுங்கி, நாலைந்து இடத்தில் ஓட்டையும் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பா, எலி கடிச்சிருக்கு, இதே மாதிரி புதுசு நெய்யச் சொல்லிருவோமா?" என்று கேட்டான். வேண்டாம், இதையே மாட்டு என்று சொன்னேன். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1999-ல் நான் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். பதினாலு மாசம். மூத்தவளுக்கு எட்டு வயசு, இவனுக்கு ஐந்து. கோமதி ஒரு நாள்கூட "எப்போ திறப்பாங்க?" என்று என்னிடம் கேட்டது இல்லை. அவள் அம்மா வீட்டுச் சீராக வந்த தையல் மெஷினை அடுத்த வாரமே துடைத்து எண்ணெய் விட்டாள். ரவிக்கைக்குப் பதினைந்து ரூபாய். ஜூன் மாசம் வந்தால் பள்ளிக்கூட யூனிபார்ம். பகலில் வீட்டு வேலை, பிள்ளைகள், படுக்கையில் கிடந்த எங்க அம்மா. அதனால் தைக்கிறது எல்லாம் ராத்திரிதான்.

அப்போது நாங்கள் இருந்தது ஒற்றை அறை வீடு. மிதிக்கிற மெஷின், சிமெண்டுத் தரை. கால் வைத்தாலே தடதடவென்று தரையோடு சேர்ந்து ஆடும். முதல் இரண்டு நாள் சின்னவன் எழுந்து அழுதான். மூன்றாம் நாள் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. நடுராத்திரி கண்ணைத் திறந்து பார்த்தேன். இந்தப் பாயை நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் போட்டிருந்தாள். ஒரு தையல் முடிகிற இடத்தில் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்துவாள். தானாக நின்றால் கடைசியில் ஒரு 'டக்' சத்தம் வரும், அதுகூட வேண்டாம் என்று. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எங்கள் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள். யாரும் அசையவில்லை என்றால் அடுத்த துணி.

காலையில், "கல்யாணப் பாயையா போட்ட?" என்று கேட்டேன்.

"சத்தத்துல பிள்ளைக முழிச்சிரும்லா? கோரைப்பாய் எல்லாம் கிழிஞ்சு கெடக்கு. பேரு எங்க போயிரப் போவுது, உள்மடிப்புலதான இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. நான் ஒன்றும் சொல்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி மட்டும் இல்லை, எத்தனையோ ராத்திரி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக் கிடந்து உன்னைப் பார்த்திருக்கிறேன் கோமதி. அது உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன் என்பதை இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்து நிற்கிறேன்.

மில் திறந்தது, மெஷின் திண்ணைக்குப் போனது, பாயைக் கழுவி நிழலில் காயப்போட்டாள். மெஷினுக்கு நாலு கால், பாய் நாலு மடிப்பு. அன்றைக்கே எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. போன வாரம்தான் பேத்தியை உட்கார வைத்து எண்ணினேன். சிலது நன்றாகத் தெரிகிறது, சிலதை விரலால் தடவினால்தான் தெரியும். பதினாறு இருக்கிறது. கல்யாணத்தன்றைக்குப் பெரியவர்கள் அட்சதை போட்டு, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று சொன்னார்கள். எங்களுக்குப் பதினாறு என்றால் இதுதான்.

போன டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். 17-ம் தேதி ராத்திரி சிந்துபூந்துறைக்குள் தண்ணீர் ஏறினபோது நான் பத்திரம், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம் என்று தேடிக்கொண்டு இருந்தேன். இவள் ஒரு கையில் எங்க அம்மா படத்தையும் மறு கையில் இந்தப் பாயையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டாள். டிவி போச்சு, கட்டில் போச்சு, அரிசி மூட்டை போச்சு. பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

இன்றைக்குச் சாப்பிட்ட சொதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோமதி பிறந்தது கரிசல் பக்கம். கம்பங்கூழும் துவையலும் பழகின நாக்கு. நம்ம பக்கம் மறுவீட்டுக்குச் சொதி வைக்காமல் முடியுமா? தேங்காய்ப்பாலில் குழம்பா என்று அன்றைக்கு இலையை மலைத்துப் பார்த்தாள். அப்புறம் எங்க அம்மா பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டாள். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், பிறகு வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும், முதல் பால் கடைசியில். அது கொதித்துவிடக் கூடாது, நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சம்பழம். அம்மா கடைசிக் காலத்தில், "இவ கைச் சொதி என் கையைவிட நல்லா இருக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்கள். இன்றைக்கு வைத்தது மருமகள். உன்னை அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் முதல் பால் ஊற்றுகிற நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றுவிட்டாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, எல்லார் கையிலும் டம்ளர் வந்துவிட்டதா? தூக்கிப் பிடியுங்கள், சின்னப் பிள்ளைகள் இரண்டு கையாலும் பிடியுங்கள். முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தில் மிச்சம் இருப்பதைக் கடைசியாகக் குடிக்கிறவள் இவள்தான். இன்றைக்கு அந்த வழக்கம் வேண்டாம்.

கோமதி, நீ முதலில் குடி. நீ குடித்த பிறகுதான் நாங்கள்.