லைன் 3: நேவி டி-ஷர்ட், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு கணக்கு

10:30

இன்சார்ஜ்: 8:30லிருந்து என்ன முடிஞ்சுது, அடுத்து என்ன? பாட்டம் மடிச்சு செக்கிங் டேபிளுக்கு வந்த பீஸ் மட்டும் சொல்லும்மா. "ஓடிட்டிருக்குங்க"ன்னு போட்டா மறுபடி கேப்பேன்.

சூப்பர்வைசர்: 92 வந்திருக்குங்கண்ணா. 150 வந்திருக்கணும். சைடு 155 முடிஞ்சு, பாட்டம் மடிக்கிற பேட்லாக் மெஷின் முன்னால 63 குமிஞ்சு கிடக்குது. நூல் கோன் மாத்தவே காலையில 40 நிமிஷம் போயிருச்சு. கை மடிச்சது 130 ஜோடி முன்னாடியே இருக்கறதால, கை மடிக்கிற 2ஆம் நம்பர் பேட்லாக்கை 11லிருந்து 12 வரை பாட்டத்துக்கு விடறேன்.

இன்சார்ஜ்: சரி. ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், கை தீந்துட்டா ஓவர்லாக் நிக்கும்.

12:30

இன்சார்ஜ்: எவ்வளவு? அடுத்து?

சூப்பர்வைசர்: மொத்தம் 292. குமிஞ்சது 13 ஆயிருச்சு. ஆனா 9 பீஸ் டேமேஜ்ங்கண்ணா. பாட்டத்தை இழுத்துப் பாத்தா தையல் ஓரமா ஊசி ஓட்டை தெரியுது. எல்லாம் 2ஆம் நம்பர்ல ஓடுன 16, 17, 18 பண்டில். 14, 15 சுத்தமா இருக்குது. சைடு ஜாயிண்ட் தடிப்புல அடிச்சு முனை மழுங்கியிருக்கு, நகத்துல இழுத்தா மாட்டுது.

இன்சார்ஜ்: 12 மணிக்கு மேல அதே ஊசியிலயா கை மடிச்சீங்க?

சூப்பர்வைசர்: ஆமாங்கண்ணா. 30 ஜோடி. இப்பத்தான் தோணுது.

இன்சார்ஜ்: அத்தனையும் இழுத்துப் பாரு. ரெண்டு ஊசியையும் மாத்து, 75 பால் பாயிண்ட். பழைய ஊசியை ஸ்டோர்ல குடுத்துட்டுத்தான் புதுசு வாங்கணும். அந்த 9ஐப் பிரிச்சு மடிக்காதீங்க, நீளம் 2 செ.மீ. குறைஞ்சுரும், அளவுத்தாள்ல 1தான் விட்டிருக்கு. டேமேஜ்லயே போடு.

3:30

சூப்பர்வைசர்: நல்ல பீஸ் 423. 450க்கு 27 குறைச்சல். கையில 4 ஓட்டை இருந்துச்சு, அதே ரோல் துண்டுல வெட்டித் தரச் சொல்லியிருக்கேன், ரோல் மாறுனா ஷேடு தெரியும். பாட்டம் முன்னால 23 இருக்குது. 4:30க்கு மேல 2ஆம் நம்பரை மறுபடி விடறேன்.

இன்சார்ஜ்: விடு. முதல் 5 பீஸை நீயே இழுத்துப் பாத்துட்டு ஓட்டச் சொல்லு.

5:30

சூப்பர்வைசர்: 593. ஓட்டை எதுவும் இல்லைங்கண்ணா. 7 குறைச்சல். ஒன்றரை ஷிப்ட் போடலாங்களா?

இன்சார்ஜ்: 7 பீஸுக்கா? டீக்காசு கூட தேறாது. நாளைக்கு என்ன கலர்?

சூப்பர்வைசர்: மெரூன்.

இன்சார்ஜ்: அப்ப மெஷினைத் துடைக்கிறதுக்கு முன்னாடி மெரூன் கோன் மாட்டிருங்க. பேட்லாக் ஒண்ணுக்கு 3, ரெண்டுக்கும் 6. வேஸ்ட் துணியில ஓட்டிப் பாத்து, அந்தத் துண்டை மெஷின் மேலயே வெச்சுட்டுப் போ.