மாடிப்படி வரைக்கும் வந்து திரும்பிப் போனவர்களுக்கு

போன வருடம் ஓர் அண்ணன் மூன்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்புக்கு வந்தார். வந்தார் என்றால், கீழே மருந்துக் கடை வாசல் வரைக்கும். குடையை மடக்காமல் நின்று, ‘பெரியவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலிஷ்’ என்ற போர்டை வாசிப்பார். ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்துவிடுவார். மாடி ஜன்னலில் இருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காவது வாரம் நானே இறங்கிப் போய், “மழை பெய்யுதுண்ணே, மேல வந்து உக்காருங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வந்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்து வாரம் அவர் வாயிலிருந்து வந்தது “குட் மோர்னிங் மிஸ்” மட்டும். நானும் வற்புறுத்தவில்லை.

அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றால் முதுகில் பெரிய பையோடு வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள், நல்லதண்ணிக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். இவர் வரிசையில் முதல் ஆளாக நின்றாலும், பேசத் தயங்கி அந்த ஹயரைப் பின்னால் நிற்கிற தம்பிக்குக் கொடுத்துவிடுவாராம். நாலு சீசன் அப்படியே போயிருக்கிறது. எத்தனை நாள் வருமானம் என்று நினைத்துப் பாருங்கள். போன சீசனில் அவரே பேசி, அவரே ஏற்றிக்கொண்டு போனார். “மஸ்கெலியாவுல ஸ்டொப் பண்ணி டீ குடிக்கலாமான்னு இங்கிலிஷ்ல கேட்டேன் மிஸ், அவங்களுக்கு வெளங்கிருச்சு” என்று வந்து சொன்ன அன்று எங்கள் வகுப்பே கை தட்டியது.

அந்த அண்ணனைப் போலப் படி ஏறாமல் திரும்பிப் போன இன்னும் எத்தனையோ பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

“எனக்கு இங்கிலிஷே தெரியாது மிஸ்” என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். நான் அதை நம்புவதில்லை. மூன்றாம் வகுப்பில் தொடங்கி சாதாரண தரம் வரைக்கும் ஆங்கிலப் பாடம் இருந்தது. பாதியில் படிப்பை விட்டவர்களுக்கும் தோட்டத்திலேயே நிறையச் சொல் கிடைத்திருக்கிறது. காலையில் பேர் கொடுக்கப் போகிற பிரட்டுக்களத்துப் பிரட்டு, ‘பரேட்’ என்ற சொல். கொந்தரப்பு என்பது ‘கொன்ட்ராக்ட்’. செக்ரோல், டிவிஷன், டிஸ்பென்சரி, ஸ்டோர் எல்லாம் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் கூச்சமே இல்லாமல் புழங்கிய சொற்கள். அவர்கள் அதைத் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி வளைத்து, தங்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களிடம் உச்சரிப்புக்குப் புள்ளி போடவில்லை.

அப்படியென்றால் கூச்சம் எங்கிருந்து வந்தது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்திலிருந்து இந்த மலையில் ஆங்கிலம் பங்களாவிலிருந்தும் ஆபீஸ் ஜன்னலிலிருந்தும் கீழ்நோக்கித்தான் வந்தது. அதிகாரம் அந்த மொழியில் பேசியது. நாம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டோம். பேசத் தெரியாதது குறையல்ல, பேச இடமே கொடுக்கப்படவில்லை. பள்ளிக்கூடத்திலும் பெரும்பாலும் எழுதத்தான் வைத்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னது பிழை பிடிக்கும்போது மட்டும். அப்படி வளர்ந்த ஒருவருக்கு நாற்பது வயதில் தொண்டை அடைத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

நானும் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் கொழும்பில் ஓரிடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தேன். ஒருவர் திருத்தினார், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. தேங்க் யூ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கோட்டையிலிருந்து ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பதில் முழுக்க மனதுக்குள் தானாக வந்தது. நாவலப்பிட்டி தாண்டுவதற்குள் ஒரு பிழை இல்லாமல் முடித்துவிட்டேன், கேட்கத்தான் ஆள் இல்லை. அன்றைக்கு ஒருவர் பொறுமையாகத் தலையாட்டியிருந்தால் போதும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. என் வகுப்பில் தலையாட்டுகிற அந்த ஆளாக நான் இருக்கிறேன்.

அதனால் முதல் இரண்டு வாரம் யாரையும் எழுப்பி நிற்க வைக்க மாட்டேன். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு இரண்டு பேராக, மெதுவான குரலில் பேசலாம். ஒருவர் வாக்கியத்தை முடிக்கும் வரை நான் குறுக்கிடுவதில்லை. பிழை இருந்தால், அதே வாக்கியத்தைச் சரியாக நான் ஒரு தடவை சொல்வேன், அவ்வளவுதான். யாராவது சிரித்தால் அன்றைக்கே கண்டிப்பேன். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பேசும்போது நடுவில் தடை வருவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ‘நான் நேற்று ஹட்டனுக்குப் போனேன்’ என்று தமிழில் வினையைக் கடைசியில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ வென்ட்’ என்று இரண்டாவது சொல்லிலேயே அதைச் சொல்லியாக வேண்டும், ஹட்டனும் நேற்றும் பிறகுதான். கடைசியில் சொல்லிப் பழகியதை முன்னால் கொண்டுவர மனதுக்கு ஒரு நொடி பிடிக்கும். அந்த நொடியைத்தான் நாம் “எனக்கு மூளை இல்லை” என்று தப்பாக நினைத்துக்கொள்கிறோம். ‘ஐ வென்ட், ஐ கேம், ஐ பாட், ஐ டோல்ட்’ என்று முதல் இரண்டு சொல்லை மட்டும் வாய்க்குப் பழக்கினால் மீதி பின்னாலேயே வரும். எங்கள் முதல் மாதம் பெரும்பாலும் இதுதான்.

உச்சரிப்பில் ஒரே ஒரு ஒலிக்குக் கண்ணாடி பிடிக்கிறோம். ஃபாக்டரி, ஃபீல்ட், ஃபைவ். மேல் பல் கீழ் உதட்டில் லேசாகப் படவேண்டும், காற்று வெளியே போகவேண்டும். உதடு இரண்டும் ஒட்டினால் அது ‘ப’ ஆகிவிடும். மற்றபடி நம் மலைநாட்டு ராகத்தோடு ஆங்கிலம் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை. அதை மாற்ற நான் முயல்வதும் இல்லை.

பாடங்கள் உங்கள் நாளிலிருந்துதான் வரும். எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்பத்திரிப் பாடம். கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா, தோள்வலி என்று கிளினிக்குப் போனார். டொக்டருக்குத் தமிழ் வராது, அக்காவுக்குச் சிங்களம் கடை வீதி அளவுக்குத்தான். “பெய்ன், பெய்ன்” என்று தோளைக் காட்டிவிட்டு, கிடைத்த மாத்திரையோடு வந்துவிட்டார். வகுப்பில் உட்கார்ந்து வலிகளைப் பிரித்தோம். எரிகிறது என்றால் பர்னிங். குத்துகிறது என்றால் ஸ்டாபிங். விண்விண்ணென்று தெறித்தால் த்ரொபிங். விடாமல் உளைந்தால் டல் ஏக். நம்மிடம் வலிக்கு இவ்வளவு சொல் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது, ஒன்றோடு ஒன்றைக் கோத்தால் போதும். அடுத்த கிளினிக்கில் அக்கா சொன்னது இது: “பர்னிங் பெய்ன், டொக்டர். ஃப்ரம் ஹியர் டு ஹியர். வர்ஸ் அட் நைட்.” இதில் ஒரு முழு வாக்கியம்கூட இல்லை. டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, கழுத்திலிருந்து விரல் வரைக்கும் தொட்டுப் பார்த்தாராம். இலக்கணம் பிறகு வரட்டும். வலி எந்த இடத்தில், எந்த மாதிரி என்று சொல்லத் தெரிவது முதலில் வரவேண்டும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் படிப்பதென்றால் தமிழைக் கீழே வைத்துவிடுவதல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள். வகுப்பிலும் விளக்கம் எல்லாம் தமிழில்தான்.

புதிய வகுப்புகள் தைப்பொங்கல் முடிந்து வரும் முதல் சனிக்கிழமை தொடங்குகின்றன. மூன்று மாதம், ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர்தான்.

ஞாயிறு காலை 9.00 முதல் 11.00 வரை: வாய் திறக்கவே தயங்குபவர்களுக்கு. இந்தப் பதிவை வாசித்து நெஞ்சு படபடக்கிறவர்கள் இதில் சேருங்கள்.

ஞாயிறு பிற்பகல் 1.30 முதல் 3.30 வரை: பெண்களுக்கு மட்டும், அதே வேகத்தில். கைக்குழந்தையோடு வரலாம், பாய் விரித்து வைத்திருக்கிறோம்.

செவ்வாய், வியாழன் மாலை 5.15 முதல் 6.30 வரை: டவுனில் கடை, ஆபீஸ் வேலை செய்பவர்களுக்கு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே எழுந்து போகலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சனி காலை 10.00 முதல் 12.00 வரை: ஓரளவு பேசக்கூடியவர்களுக்கு. ஹயர், ஹோம்ஸ்டே, தேயிலை ஸ்டோர் சுற்றிக்காட்டுகிற வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தும். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, தரம் பிரிப்பது வரைக்கும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவோம்.

போயா தினங்களில் வகுப்பு இல்லை. மாதம் 2,000 ரூபாய். தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகு கொடுத்தால் போதும். இரண்டு தவணையாகவும் தரலாம். முதல் வகுப்புக்குப் பணம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வரவேண்டியதும் இல்லை, யாரும் ஏனென்று கேட்க மாட்டோம். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் பேனாவும் போதும். வயது தடையில்லை. இப்போது இருப்பவர்களில் மூத்தவருக்கு அறுபத்திமூன்று வயது. வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளையோடு போனில் பேசுவதற்காக வருகிறார்.

இடம், ஹட்டன் பிரதான வீதியில் மருந்துக் கடைக்கு மேல் மாடி. படி கொஞ்சம் செங்குத்து, மழை நாளில் வழுக்கும், கைப்பிடியைப் பிடித்து வாருங்கள். படியடியில் கால் நின்றுவிட்டால் திரும்பிப் போக வேண்டாம். மருந்துக் கடைத் தம்பியிடம் “மிஸ்ஸைக் கூப்பிடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். நான் இறங்கி வருகிறேன்.